200 டாலரும் திரும்பி வந்தது, ஆனால் ரூபாயில் 818 குறைகிறதே?

காரைக்குடி ஆச்சி:
பெரிய வீட்டுக் கதவுகளுக்குப் பீங்கான் குமிழ்கள் வேண்டுமென்று அமெரிக்கக் கடை ஒன்றில் 200 டாலருக்கு வாங்கினோம். அளவு பொருந்தவில்லை, திருப்பி அனுப்பிவிட்டோம். 200 டாலரையும் போட்டுவிட்டதாகக் கடையிலிருந்து மெயில் வந்தது. ஆனால் கார்டில் போனது 17,597.97 ரூபாய், வந்தது 16,780. மீதி யாரிடம் இருக்கிறது?

தேவகோட்டைக்காரன்:
டாலர் விலை இறங்கியிருக்கும் ஆச்சி. அவ்வளவுதான் விஷயம். ஏறியிருந்தால் உங்களுக்குக் கூடவே வந்திருக்கும்.

கானாடுகாத்தான் அண்ணன்:
தம்பி சொல்வது சரி, ஆனால் அது சின்னப் பங்குதான். நான் வங்கியில் கார்டு பிரிவில் இருந்தவன். ஆச்சி, ஸ்டேட்மென்டில் இந்தச் செலவு எத்தனை வரியாக விழுந்திருக்கிறது?

காரைக்குடி ஆச்சி:
மூன்று வரி. 16,900, அப்புறம் 591.50, அப்புறம் 106.47.

கானாடுகாத்தான் அண்ணன்:
அதிலேயே விடை இருக்கிறது. 16,900-ஐ 200-ஆல் வகுத்தால் 84.50, அதுதான் கணக்குத் தீர்ந்த அன்றைய ரேட். நீங்கள் ஆர்டர் போட்ட நாளின் ரேட்டாக அது இருக்க வேண்டியதில்லை. 591.50 என்பது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மேலே வைக்கும் கட்டணம், 3.5 சதவீத மார்க்கப். 106.47 அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. திரும்பி வந்த 16,780-ஐ வகுத்தால் 83.90. ரேட்டால் போனது 120 ரூபாய்தான். மீதி 697.97 மார்க்கப்பும் வரியும். கடைக்காரருக்கு அது போகவே இல்லை, அவர் எப்படித் திருப்புவார்? கார்டு நெட்வொர்க்குக்கு உங்கள் ரீஃபண்ட் தனி பரிவர்த்தனை. பழையதை அழிப்பது இல்லை, அன்றைய ரேட்டில் புதிதாக மாற்றுவது.

பள்ளத்தூர் மருமகள்:
எனக்கும் இப்படித்தான், பார்சலுக்குக் கட்டிய கஸ்டம்ஸ் வரி இன்னும் வரவில்லை. அதற்காகவே இப்போதெல்லாம் ரூபாயில் கட்டுவதைத் தேர்ந்தெடுக்கிறேன். அதில் இந்தக் கட்டணம் இல்லையே?

கானாடுகாத்தான் அண்ணன்:
கஸ்டம்ஸ் வேறு விவகாரம் அம்மா, அது கார்டு வழியாகத் திரும்பாது. ரூபாய் விஷயத்தில் கவனம். கடைப்பக்கம் மாற்றித் தரும்போது அந்த ரேட்டுக்குள்ளேயே அவர்கள் லாபம் வைத்துவிடுவார்கள். கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் கட்டினாலும் தனிக் கட்டணம் போடும் கார்டுகள் உண்டு. ரூபாய்த் தொகையைக் கடையின் டாலர் விலையால் வகுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தேவகோட்டைக்காரன்:
என் நண்பன் ஆர்டரை ரத்து செய்தபோது ஒரு பைசா குறையவில்லையே அண்ணே?

கானாடுகாத்தான் அண்ணன்:
பொருளை அனுப்புவதற்கு முன்னால் ரத்து செய்திருப்பார். பணம் பிடித்து மட்டும் வைத்திருந்தார்கள், கணக்குத் தீரவில்லை. பிடித்ததை அப்படியே விட்டுவிடுவார்கள், மார்க்கப்புக்கே இடமில்லை.

காரைக்குடி ஆச்சி:
120 போனால் போகிறது. அந்த 697.97-ஐ வங்கியிடம் கேட்கலாமா?

கானாடுகாத்தான் அண்ணன்:
கேளுங்கள். சில வங்கிகள் ரீஃபண்டில் மார்க்கப்பைத் திருப்புகின்றன, பல திருப்புவதில்லை. கார்டு விதிமுறைத் தாளில் என்ன போட்டிருக்கிறது?

காரைக்குடி ஆச்சி:
3.5 சதவீதம் என்று மட்டும் இருக்கிறது. திருப்புவதைப் பற்றி ஒரு வரியும் காணோம். மூன்று வரியையும் படம் எடுத்து இன்று மெயில் போட்டிருக்கிறேன், பதில் வந்தால் எழுதுகிறேன்.