திருப்பி அனுப்பும் விதி: கைப்பேசித் திரையில் "மாட்டாது" எங்கே போகிறது?

செந்தூல் கடைக்காரர்:
எங்கள் இணையக் கடையில், "மனம் மாறித் திருப்பி அனுப்பப்படும், உறை பிரிக்கப்பட்ட அழகுசாதனப் பொருட்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று தமிழில் எழுதியிருக்கிறோம். ஆனாலும் பலர் பணம் கிடைக்கும் என நம்பிப் பொருளை அனுப்பிவிடுகிறார்கள். இந்த வரியில் என்ன குறை?

பட்டர்வொர்த் மொழிபெயர்ப்பாளர்:
இலக்கணத்தில் குறையில்லை. ஆங்கில விதியில் மறுப்பு தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழிலோ அது கடைசிச் சொல்லில் நிற்கிறது. உங்கள் பக்கம் ஒவ்வொரு விதியிலும் முதல் இரண்டு வரியை மட்டும் காட்டி, மீதியை "மேலும் படிக்க" என்பதற்குள் ஒளித்தால், சிறிய திரையில் வாடிக்கையாளர் காண்பது "பணம் திருப்பித்…" என்பது வரைதான். பக்க வடிவமைப்பில் கீழ்க்கண்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
-webkit-line-clamp: 2;
```

இருந்தால் விதிப் பகுதிக்கு மட்டும் அதை நீக்கிவிட்டு, முடிவை முன்னால் எழுதுங்கள்: "பணம் திருப்பித் தர மாட்டோம்: உறை பிரித்த அழகுசாதனப் பொருளை மனம் மாறி அனுப்பினால்."

கோலாலம்பூர் சட்ட உதவியாளர்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் துண்டை மட்டும் படிப்பவர், பழுதான பொருளுக்கும் பணம் கிடையாது என்றல்லவா எண்ணுவார்? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்துக்குத் தரும் உத்தரவாதத்தை எந்தக் கடையும் தன் விதியால் பறிக்க முடியாது. நிபந்தனையும் முடிவும் ஒரே வாக்கியத்தில் இருப்பதே பாதுகாப்பு.

ஜெலுத்தோங் வாசகி:
எனக்கு ஒரு கடையிலிருந்து தவறான அளவில் காலணி வந்தது. திருப்பி அனுப்பும் கூரியர் செலவை நான்தான் கட்டினேன். அதைப் பற்றி விதியில் ஒரு சொல்கூட இல்லை.

பட்டர்வொர்த் மொழிபெயர்ப்பாளர்:
சட்ட உதவியாளரின் அச்சம் நியாயமானது. ஆனால், வாக்கியத்தை நீட்டுவதைவிடச் சூழலைப் பிரிப்பதே அதற்குச் சரியான வழி. "பொருள் பழுதாகவோ தவறாகவோ வந்தால்" என்ற தலைப்பு முதலில் வரட்டும். கூரியர் செலவு யாருடையது என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். "மனம் மாறினால்" என்பது அடுத்த தலைப்பு. மறுப்பு அதற்குள் மட்டும் இருந்தால், பழுதான பொருள் வைத்திருப்பவர் அதைத் தனக்கானதாக எண்ண மாட்டார். பிறகு, எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு பெரியவரின் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து கொடுத்து, "உதட்டுச் சாயத்தைத் திறந்துவிட்டேன், நிறம் பிடிக்கவில்லை, பணம் வருமா?" என்று கேளுங்கள். அவர் எதையும் தட்டாமலே சரியான பதிலைச் சொல்ல வேண்டும்.

செந்தூல் கடைக்காரர்:
நீங்கள் காட்டிய வடிவமைப்பு வரி எங்கள் பக்கத்தில் இருக்கிறது. எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். இன்றே நீக்கச் சொல்கிறேன்.

கோலாலம்பூர் சட்ட உதவியாளர்:
தலைப்புகளைப் பிரிப்பதற்கு இணங்குகிறேன். ஆனால், "முரண்பட்டால் ஆங்கிலப் பிரதியே செல்லும்" என்ற வரி பக்கத்தின் அடியில் இருக்கிறதல்லவா? தமிழை மட்டும் படித்து வாங்கியவரிடம் அதைக் காட்டுவது முறையாகுமா என்பதற்கு இங்கே யாரும் விடை சொல்லவில்லை.