முதல் சந்திப்பில் துப்பட்டாவில் காபி கொட்டியபோது

திருவான்மியூரிலிருந்து:
சென்ற ஞாயிறன்று மயிலாப்பூரில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் ஒருவரை முதன்முறையாகச் சந்தித்தேன். டபராவிலிருந்து டம்ளருக்குக் காபியை ஆற்றிக்கொண்டே பேசியதில் கை தவறி, பாதிக் காபி மேசையில் ஓடி அவருடைய வெளிர்மஞ்சள் பருத்தித் துப்பட்டாவில் இறங்கிவிட்டது. முதலில் "சுட்டுவிட்டதா?" என்று கேட்டேன், இல்லை என்றார். ஈரத்தருகே இருந்த அவருடைய கைபேசியை நகர்த்திவிட்டு, டிஷ்யூ தாள்களை அவர் கையில் கொடுத்தேன். பதற்றத்தில் நானே துடைக்க முனைந்திருப்பேன். ஆனால், உடுத்தியிருக்கும் துணியை அன்றுதான் அறிமுகமானவர் தொடுவது எவருக்கும் கூச்சமளிக்கும்.

என் தவறு அதற்குப் பிறகுதான் நேர்ந்தது. நான்கைந்து முறை மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. "காபியை விட்டுவிட்டு இப்போது உங்களை ஆற்ற வேண்டியிருக்கிறதே" என்று சிரித்தார். அத்துடன் நிறுத்திக்கொண்டு, "மாமல்லபுரத்தில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டீர்களே, எப்படித் திரும்பினீர்கள்?" என்று, அவர் பாதியில் விட்ட கதையைத் தொடரச் சொன்னேன். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் இயல்பு திரும்பிவிட்டது.

அண்ணா நகரிலிருந்து:
மன்னிப்பு ஒருமுறை போதும் என்பது சரியே. ஆனால் உடனே சுடுநீரில் அலசச் சொல்லியிருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் கறை எளிதில் போகாது.

சைதாப்பேட்டையிலிருந்து:
சலவைக் கடை நடத்துபவன் என்பதால் சொல்கிறேன். விரைந்து செய்ய வேண்டும் என்பது உண்மை, சுடுநீர் கூடாது. பால் கலந்த காபியாதலால், சூடு பட்டால் பாலின் புரதம் நூலில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துணியின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். பட்டாக இருந்தால் நீரே வேண்டாம். உலர்ந்த தாளால் ஒற்றிவிட்டுக் கடையில் கொடுப்பதே நல்லது. அலசிக் காய்ந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்பு வளையம் தெரிந்தால் இஸ்திரி போடாமல் மீண்டும் அலச வேண்டும்.

பெரம்பூரிலிருந்து:
இங்கே துணியைப் பற்றித்தான் பேச வேண்டுமா என்று தெரியவில்லை. என் முதல் சந்திப்பில் நான் மறந்தது, என்னுடன் வந்தவருடைய பெயரை. மெரினாவில் அரை மணி நேரம் "நீங்கள்" என்றே சமாளித்தேன். எதிரே என் அத்தை மகள் வந்ததும் அறிமுகம் செய்ய வழியில்லை. "மன்னியுங்கள், உங்கள் பெயர் நினைவுக்கு வரவில்லை" என்று அவரிடமே சொன்னேன். அவர் தம் பெயரைச் சொல்லி, அவளிடம் இயல்பாகப் பேசினார். எனினும் மறுநாள், "தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாமே" என்றார். பெயர் மறந்ததைவிட அந்த அரை மணி நேரம்தான் அவரை வருத்தியிருக்கிறது. இன்னொரு முறை சந்திப்பாரா என்பது தெரியவில்லை.

திருவான்மியூரிலிருந்து:
சலவைச் செலவைத் தருவதாகச் சொன்னேன். அவர் மறுத்ததால் வற்புறுத்தவில்லை. அது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டுவிட்டாரா என்று இன்று மாலை கேட்கிறேன்.