ஒரே நேரத்தில் மூன்று டிவியும் ஒரு ஜூம் வகுப்பும்: எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்?

தேன்மொழி, திருச்சி: இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஹாலில் 4கே டிவி, அறைகளில் இரண்டு எச்டி டிவி, பையனின் ஜூம் வகுப்பு என்று எல்லாம் சேர்ந்து ஓடும். 30 எம்பிபிஎஸ் போதுமா, இல்லை 50, 100க்குப் போக வேண்டுமா?

முரளி: யோசிக்காமல் 100 போடுங்கள் மேடம். யூடியூபில் `Stats for nerds` திறந்து பார்த்தேன். வெறும் 1080p வீடியோவுக்கே `Connection Speed` 42000 Kbps காட்டுகிறது. ஒரு டிவிக்கே 42 என்றால் மூன்றுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செந்தில்வேலன்: முரளி, அது வீடியோவுக்குத் தேவையான வேகம் இல்லை. பிளேயர் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வாங்குகிறது. ஒரு துண்டு வரும்போது லைன் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவையும் இழுத்துக்கொள்ளும், அப்புறம் அடுத்த துண்டு தேவைப்படும் வரை சும்மா இருக்கும். நீங்கள் பார்த்தது அந்தத் துண்டு இறங்கிய வேகம். 100 லைனில் இதே வீடியோவைப் போட்டால் அந்த எண் இன்னும் ஏறும், படம் அதேதான். அதற்குக் கீழே `Buffer Health` என்று ஒரு வரி இருக்கும், முன்கூட்டி வாங்கிவைத்த படம் இன்னும் எத்தனை விநாடிக்கு வரும் என்று காட்டும், அதைப் பாருங்கள். அந்த எண் குறையாமல் நின்றால் லைன் தாங்குகிறது. பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் தாங்கவில்லை.

தேன்மொழி வீட்டுக் கணக்கு: நெட்ஃபிளிக்ஸ் 1080pக்கு 5, 4கேக்கு 15 எம்பிபிஎஸ் இருக்கட்டும் என்கிறது. இரண்டு எச்டி 10, ஒரு 4கே 15, ஜூம் வகுப்புக்கு ஒரு 4. மொத்தம் 29.

பிரபாகர்: அப்போது 30 போதும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணா! அந்த 5ஐயும் எப்போதும் தொடுவதில்லை. கம்ப்யூட்டரில் நெட்ஃபிளிக்ஸ் ஓடும்போது `Ctrl+Alt+Shift+D` அழுத்திப் பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு 5ல் பாதிகூட வராது. எதற்கு வீண் செலவு?

செந்தில்வேலன்: சராசரி குறைவு என்பது சரிதான் தம்பி. படம் மட்டும் ஓடினால் 30லேயே சமாளிக்கலாம், லைன் இறுகினால் பிளேயர் தானாகத் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில் யாராவது போனில் பெரிய அப்டேட்டோ கேமோ இறக்கினால்? அது ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து, கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். டிவிகளுக்குச் சேர்த்துவைத்த சில விநாடிப் படம் இருக்கிறது. ஜூமுக்கு அந்த வசதி இல்லை, டீச்சரின் குரல்தான் முதலில் வெட்டும். அதனால் கூட்டிவந்த எண்ணுக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது விடுவேன். 29க்கு அது சுமார் 39. ஆக 50.

ஜெயந்தி: எட்டு மணிக்கு மூன்று டிவி என்றால் டேட்டா தீர்ந்துவிடாதா? எங்கள் திட்டத்தில் மாதம் 3300 ஜிபி, தாண்டினால் வேகம் படுத்துவிடும்.

செந்தில்வேலன்: அது வேறு கணக்கு, ஆனால் போட்டுப் பார்த்துவிடலாம். 5 எம்பிபிஎஸ் எச்டி ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி, 15 எம்பிபிஎஸ் 4கே 6.75 ஜிபி. மூன்று டிவியும் தினம் நான்கு மணி நேரம் ஓடினால் 45 ஜிபி, மாதம் 1350. பயம் வேண்டாம்.

சலீம்: நான் 200 எம்பிபிஎஸ் போட்டும் மாடியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நிறுவனத்தைத் திட்டாத நாள் இல்லை.

செந்தில்வேலன்: மாடி டிவி 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள் சலீம் பாய். ரவுட்டர் கீழே, நடுவில் கான்கிரீட் தளம் என்றால், லைன் 200ஆக இருந்தாலும் மேலே போய்ச் சேர்வது 20கூட இல்லாமல் போகலாம். லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஒரு வேகச் சோதனை, மாடியில் வைஃபையில் இன்னொன்று. இரண்டும் எட்டு மணிக்கே செய்யுங்கள். கேபிளில் 200 வந்தால் திட்டுவதை நிறுத்திவிட்டு மாடிக்கு ஒரு கேபிள் இழுங்கள்.

சலீம்: கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விட மாட்டார். பார்க்கிறேன்.

முரளி: எல்லாம் சரி, நேரலை கிரிக்கெட்? மூன்று டிவியிலும் மேட்ச் ஓடினால் உங்கள் 50 நிற்குமா?

செந்தில்வேலன்: நேரலையில் அடுத்த ஓவரை முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது, சேமிப்பு மிகக் குறைவு. வேகம் ஒரு நொடி தடுமாறினாலும் படத்தில் தெரியும். ஆனால் அது தடுமாற்றம்தான், திட்டத்தை இரட்டிப்பாக்கினால் தீரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

முரளி: நான் 100தான்.

தேன்மொழி: 50 போட்டு, மேட்ச் நாளில் `Buffer Health` பார்க்கிறேன். குறைந்தால் மாற்றிக்கொள்ளலாமா? திட்டத்தை நடுவில் உயர்த்தினால் கட்டணம் எப்படி?

பிரபாகர்: பெரும்பாலும் உயர்த்த விடுவார்கள் அக்கா, குறைக்கத்தான் இழுத்தடிப்பார்கள். சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.