முந்தானை தோளுக்குப் போன பிறகுதான் இன்ஸ்கர்ட் பேச்சு

புடவைப் பிரிவு, ஈரோடு:
11 வருடமாகப் புடவை விரிக்கிறேன். புடவையோடு இன்ஸ்கர்ட், ஃபால்ஸ் எடுக்கச் சொல்வதற்கு முன், வாங்க வந்தவர் புடவையை முடிவு செய்துவிட்டாரா என்று பார்ப்பேன். "நல்லாயிருக்கு" என்று அவர் வாய் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கையைத்தான் பார்ப்பேன். ஒதுக்கிய புடவையை மறுபடி இழுப்பது, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பக்கம் திரும்புவது, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவது. "பிளவுஸ் இதிலேயே இருக்கா?" என்று கேட்டுவிட்டால் மனசுக்குள் கட்டிப் பார்த்தாகிவிட்டது.

போன மாதம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். பிஸ்தா பச்சை ஆர்கன்சாவை அம்மா இரண்டாம் முறை விலை பார்த்தார். எடுக்கும் யோசனை இல்லாதவர் விலைச்சீட்டுக்குத் திரும்பி வரமாட்டார், அதனால் பேசாமல் நின்றேன். பக்கத்திலிருந்த புதுப் பெண் அவசரப்பட்டு, "அக்கா, இன்ஸ்கர்ட், ஃபால்ஸ் எடுத்துடவா?" என்று கேட்டுவிட்டாள். "புடவையே இன்னும் எடுக்கலம்மா" என்று கீழே வைத்துவிட்டார்.

நான் மற்ற புடவைகளை மடித்து ஒதுக்கி, அவர் தொட்ட இரண்டை மட்டும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் "சரி, இதை வைங்க" என்றார். அப்புறம்தான் ஒற்றை மடிப்புக்குள் என் கையை விட்டுக் காட்டினேன்.

"விரல் தெரியுது பாருங்க. வீட்ல இந்தக் கலர் இன்ஸ்கர்ட் இருக்காம்மா?"

"சந்தனக் கலர் இருக்கு."

சந்தனம், பச்சை இரண்டையும் அடியில் வைத்தேன். சந்தனத்தின் மேல் பச்சை மங்கியது. அவரே பச்சையை எடுத்துக்கொண்டார். கெட்டியான பட்டாக இருந்திருந்தால் வீட்டில் இருப்பதே போதும் என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

செல்போன் கடை:
கூடுதல் பொருளைச் சொல்ல எங்களுக்கு பில் போடும் நேரம்தான். காசை எடுத்துவிட்டவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

புடவைப் பிரிவு, ஈரோடு:
ஒன்றுக்குச் சொல்லமாட்டார் தம்பி. கவர், இயர்போன், சார்ஜர் என்று அடுக்கினால் முகம் மாறிவிடும். போன் மேலே உள்ள ஷீட்டை அவர் உரிக்கிற நேரத்தில் டெம்பர்ட் கிளாஸ் ஒன்றை மட்டும் காட்டிப் பாருங்கள்.

வாடிக்கையாளர்:
நான் சும்மா பார்க்கப் போனாலே பின்னாடியே வருகிறார்கள். எப்படித் தவிர்ப்பது?

புடவைப் பிரிவு, ஈரோடு:
"பார்த்துட்டு கூப்பிடறேன்" என்று சொல்லுங்கள், தள்ளி நிற்போம். முழுக்க விலகினால் சூப்பர்வைசர் எங்களைக் கேட்பார், அதையும் புரிந்துகொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்:
அக்கா, வாடிக்கையாளர் புடவையைப் போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பினால் வாங்குவார்களா? ஃபால்ஸை எப்போது சொல்வது?

புடவைப் பிரிவு, ஈரோடு:
போட்டோவை வைத்து என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. வீட்டில் கேட்கவும் எடுப்பார்கள், அடுத்த கடையில் விலை விசாரிக்கவும் எடுப்பார்கள். ஃபால்ஸுக்கு, "தைக்க எங்க கொடுப்பீங்க?" என்று கேள். டெய்லரே வைத்துத் தைப்பார் என்றால் விட்டுவிடு. வாங்கினால், நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல். காட்டன் ஃபால்ஸ் துவைத்த பிறகு சுருங்கினால் புடவை ஓரம் சுருக்கம் விழும், அதை நம்மிடம்தான் வந்து கேட்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்:
ஒரு பில்லுக்கு இரண்டு ஐட்டம் கூடுதலாக வேண்டும் என்று எங்கள் கடையில் டார்கெட் வைத்திருக்கிறார்கள். பட்டு எடுத்தவரிடம் என்ன சொல்வேன்?

புடவைப் பிரிவு, ஈரோடு:
அதற்கு என்னிடமும் பதில் இல்லைம்மா.