0ⁿ1ⁿ ஒழுங்கு மொழி அன்று: நிறுவலில் ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள் என்பதால், இந்த ஐயத்தையும் தமிழிலேயே கேட்கிறேன்.

பம்பிங் லெம்மாவைக் கொண்டு 0ⁿ1ⁿ ஒழுங்கு மொழி அன்று என நிறுவும்போது, பம்பிங் நீளம் p = 4 என்று நானே வைத்துக்கொண்டு, 0011 என்ற சரத்தை xyz எனப் பிரித்து, x = 0, y = 01, z = 1 என எடுத்தேன். y-ஐ இரட்டித்தால் 001011 வருகிறது. இதில் 0 மூன்று, 1 மூன்று என எண்ணிக்கை சமமாகவே இருந்ததால், முரண்பாடு எங்கே என்று வெகுநேரம் குழம்பினேன். 1-க்குப் பின் மீண்டும் 0 வந்து வரிசை குலைவதால்தான் அது மொழிக்கு வெளியே போகிறது என்பது பிறகே புரிந்தது.

ஆனாலும் மதிப்பெண் கிடைக்கவில்லை. p-யும் பிரிப்பும் நம் விருப்பம் அல்ல, சரமும், y-ஐ எத்தனை முறை எழுதுவது என்ற i-யும் மட்டுமே நம் கையில் உள்ளன என்றார் ஆசிரியர். எனவே இப்போது 0^p 1^p என்ற சரத்தை எடுத்திருக்கிறேன். |xy| ≤ p என்பதால் y முழுவதும் 0-களே; அது வெற்றுச் சரமும் அன்று; ஆகவே xyyz-இல் 0 மட்டும் கூடுகிறது, 1 அப்படியே p ஆக நிற்கிறது.

y-இல் 1 வரும் வகைகளையும் தனியே எழுதி மறுக்க வேண்டுமா, அல்லது |xy| ≤ p என்ற ஒரு வரியே போதுமா? தெரிந்தவர்கள் காரணத்துடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.