கேரளா லாட்டரி 5 லட்சம் விழுந்திருக்கு, ஏஜென்ட் முன்பணம் கேக்குறாரு – அவசர உதவி

காசிமேடு சேகர்:
வாட்ஸ்அப் ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட டிக்கெட் வாங்கினேன். 5 லட்சம் விழுந்திருக்குன்னு சொல்றாரு. பணம் ரிலீஸ் ஆகணும்னா ஜிஎஸ்டி அட்வான்ஸ் 14,000 கட்டணுமாம், இன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள. கட்டலாமா? அப்புறம், நேரடியா கவர்மென்ட் சைட்லயே வாங்குற வழி இருந்தா அதையும் சொல்லுங்க. சீக்கிரம்.

புளியந்தோப்பு வரதன்:
எந்த டிக்கெட்? எந்தத் தேதி குலுக்கல்? காகிதம் உங்க கையில இருக்கா, போட்டோ மட்டும்தானா? இதுவரைக்கும் எவ்ளோ அனுப்பினீங்க, யூபிஐ-யா பேங்க் அக்கவுன்ட்டா?

பெரம்பூர் மாலா:
தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். 6 மணி தாண்டட்டும், ஒரு பைசா அனுப்பாதீங்க.

லாஜிக் லோகு:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. மேல தேடல் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, அழகுக்கு வைக்கல. ஜிஎஸ்டி டிக்கெட் விலையிலயே அடங்கிடும். பரிசு வாங்குறவன்கிட்ட ஜிஎஸ்டி கேக்குற லாட்டரி இந்தியாவுல கிடையாது. எத்தனை பர்சன்ட்னு சொன்னான்?

காசிமேடு சேகர்:
28 பர்சன்ட். 1,40,000 வருதாம், அதுல பத்துல ஒரு பங்கு மட்டும் இப்போ. டிக்கெட் ஸ்திரீ சக்தி. போட்டோதான் இருக்கு. 5 டிக்கெட்டுக்கு 350 ஜிபே பண்ணேன்.

லாஜிக் லோகு:
லாட்டரிக்கு 28 எல்லாம் எப்பவோ போச்சு. 2025 செப்டம்பர் 22-லருந்து 40. பொய் சொல்றவன் ரேட்டையாவது புதுசு பண்ணியிருக்கலாம்.

திருவொற்றியூர் பாஸ்கர்:
அவசரப்பட்டு ஃபிராடுன்னு சொல்லாதீங்கப்பா. டிக்கெட் 50 ரூபா, அஞ்சுக்கு 250, மீதி 100 அவர் சர்வீஸ் சார்ஜ். நியாயமாத்தானே இருக்கு? போட்டோவுல இருக்குற பார்கோடை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. ஒரிஜினல்னு வந்தா ஆளு ஒரிஜினல்.

புளியந்தோப்பு வரதன்:
பாஸ்கர், இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. டிக்கெட் ஒரிஜினலா இருக்கலாம். அது யாரோடதுங்கிறதுதான் கேள்வி. கேரளா டிக்கெட் காகிதம் யார் கையில இருக்கோ, பின்னாடி யார் பேர், அட்ரஸ் எழுதிக் கையெழுத்துப் போடுறாங்களோ, அவங்களுக்குத்தான் பணம். ஒரே டிக்கெட்டை போட்டோ எடுத்து இருபது பேருக்கு அனுப்பலாம், இருபது பேர்கிட்டயும் 70 ரூபா வாங்கலாம். விழலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நிஜமாவே பெருசா விழுந்தா அவனே கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவான், உங்களுக்குத் தகவலே வராது. தேடி வந்து "உங்களுக்கு விழுந்திருக்கு"ன்னு சொல்றான்னா, அனேகமா விழவே இல்லைன்னு அர்த்தம்.

சேகர், இதை இப்பவே பாத்துடலாம். statelottery.kerala.gov.in போய், அந்தத் தேதிக்கான ரிசல்ட் பிடிஎஃப்பைத் திறங்க. அவன் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் வேணாம், யூடியூப் சேனலும் வேணாம். மூணு விஷயம் பாருங்க. டிக்கெட் போட்டோவுல இருக்குற குலுக்கல் எண்ணும் தேதியும் பிடிஎஃப்போட தலைப்புல இருக்கா? ஆறு இலக்கமும் ஒத்துப்போகுதா? அதுக்கு முன்னாடி இருக்குற ரெண்டு எழுத்தும் அதேதானா?

எண்ணூர் இஸ்மாயில்:
இதே டவுட்தான் எனக்கும். என் மச்சான் அபுதாபி பிக் டிக்கெட் ஆன்லைன்ல எடுக்குறாரு, அது அஃபீஷியல் சைட்தானே? நான் இங்கருந்து என் கார்டுல எடுக்கலாமா?

லாஜிக் லோகு:
கேட்டது கேரளா, இவர் துபாய்க்கு ஃபிளைட் ஏறிட்டார்.

எண்ணூர் இஸ்மாயில்:
அபுதாபி, பாஸ்.

புளியந்தோப்பு வரதன்:
இஸ்மாயில், சைட் அஃபீஷியல்தான். மச்சான் அங்கருந்து எடுக்குறது வேற கதை. இங்கருந்து பணம் அனுப்புறதுதான் சிக்கல். லாட்டரி டிக்கெட் வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக்கூடாதுன்னு ஃபெமா விதிகள் 2000-ல, முதல் அட்டவணையிலயே இருக்கு.

திருவொற்றியூர் பாஸ்கர்:
வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் யாருக்கு வேணா அனுப்பலாம்னு ஆர்பிஐ சொல்லியிருக்கே?

புளியந்தோப்பு வரதன்:
அந்த வரம்பு அனுமதிச்ச காரியங்களுக்கு. தடை போட்ட பட்டியல்ல இருக்குறதுக்கு நூறு டாலர்கூட அனுப்ப முடியாது.

காசிமேடு சேகர்:
பாத்துட்டேன். மூணாவது பரிசு நம்பர் ஆறு இலக்கமும் அதேதான். ஆனா பிடிஎஃப்ல SD, என் போட்டோவுல SG. எழுத்து மாறினா ஆறுதல் பரிசு உண்டுன்னு சொல்றாரே?

புளியந்தோப்பு வரதன்:
அது முதல் பரிசு நம்பருக்கு மட்டும். மத்த சீரிஸ்ல அதே ஆறு இலக்கம் வச்சிருந்தா 5,000. மூணாவது பரிசுக்கு அப்படி எதுவும் இல்ல. SG-க்கு இதுல 5 லட்சமும் இல்ல, ஐயாயிரமும் இல்ல. கடைசி நாலு இலக்கம் கீழ இருக்குற சின்னப் பரிசுகள்ல வந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க. வந்திருந்தாலும் காகிதம் அவன்கிட்டதான் இருக்கு. அந்த SG போட்டோவே ரிசல்ட் வந்தப்புறம் திருத்தினதாவும் இருக்கலாம். குலுக்கல் மத்தியானம் 3 மணிக்கு. போட்டோ உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு சாட்ல பாருங்க.

நிஜமா 5 லட்சம் விழுந்தா எப்படி நடக்கும்னும் தெரிஞ்சுக்கோங்க. 5,000 வரைக்கும் கேரளாவுல எந்த லாட்டரி கடையிலயும் வாங்கிக்கலாம். அதுக்கு மேல போனா டிக்கெட்டை பேங்க்லயோ லாட்டரி ஆபீஸ்லயோ 30 நாளுக்குள்ள ஒப்படைக்கணும், அடையாள அட்டை, பான் எல்லாம் வச்சு. வருமான வரி 30 பர்சன்ட்டை அவங்களே பிடிச்சுக்கிட்டு மீதியை அக்கவுன்ட்ல போடுவாங்க. ஜெயிச்சவன் பாக்கெட்லருந்து முன்னாடி எடுத்துக் கட்டுற இடமே அதுல கிடையாது.

உங்க ரெண்டாவது கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. கேரளா லாட்டரி காகிதத்துல மட்டும்தான். துறையோட சைட்ல ரிசல்ட் பாக்கலாம், டிக்கெட் வாங்க முடியாது. அதனால "கேரளா லாட்டரி ஆன்லைன்"னு எந்த சைட், ஆப், குரூப் வந்தாலும் அஃபீஷியல் இல்ல.

திருவொற்றியூர் பாஸ்கர்:
அப்போ நம்ம ஊர்க்காரங்க வாங்கவே முடியாதா? 2023 ஓணம் பம்பர் 25 கோடி தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேருக்குத்தானே போச்சு.

புளியந்தோப்பு வரதன்:
அவங்க வாளையாறுல கடையில வாங்கின காகிதம் கையில வச்சிருந்தாங்க. அப்பவும் அது தமிழ்நாட்டுக்குள்ள கள்ளத்தனமா வித்த டிக்கெட்னு புகார் போய், துறை விசாரிச்சுச்சு.

பெரம்பூர் மாலா:
தம்பி 1930-க்கு போன் பண்ணுங்க, இல்லைன்னா cybercrime.gov.in-ல போடுங்க. ஜிபே-ல அந்த 350 எடுத்தா 12 இலக்க யூடிஆர் நம்பர் இருக்கும், அதைக் குறிச்சு வச்சுக்கோங்க. சாட்டை அழிக்காதீங்க.

திருவொற்றியூர் பாஸ்கர்:
புகார் குடுக்கப் போய் இவரையே உள்ள வச்சுட்டா? 2003-லருந்து இங்க லாட்டரி தடை. ஆனா விக்கிறதுதான் குத்தம், வாங்குறது இல்லைன்னு நினைக்கிறேன்.

லாஜிக் லோகு:
நினைக்காதீங்க, படிங்க. 1998 மத்திய சட்டம், பிரிவு 7(3). விற்பவர், விநியோகிப்பவர், வாங்குபவர், மூணு பேரும் இருக்காங்க. ரெண்டு வருஷம் வரைக்கும்.

பெரம்பூர் மாலா:
இப்படிப் பயமுறுத்தித்தான் யாரும் புகாரே குடுக்குறதில்ல. அவனுக்கு அதானே வேணும்? 14,000 கேட்டு மிரட்டுறவனை விட்டுட்டு 350 ரூபா குடுத்தவனைப் பிடிப்பாங்களா?

லாஜிக் லோகு:
பிடிப்பாங்கன்னு நான் சொல்லல. சட்டத்துல இருக்குன்னு சொன்னேன். ரெண்டும் வேற.

புளியந்தோப்பு வரதன்:
கேரளா போய் வாங்கிட்டு வந்து வீட்ல வச்சிருந்தா என்னன்னு கேட்டா வக்கீலுங்களே ஆளுக்கொண்ணு சொல்வாங்க. சேகர், புகார்ல பணம் கேட்டு மிரட்டினதை முதல்ல எழுதுங்க. டிக்கெட் விஷயத்தை மறைக்க வேணாம், சாட்லயே இருக்கு. தயக்கமா இருந்தா ஒரு வக்கீலைக் கேட்டுட்டுப் போங்க.

காசிமேடு சேகர்:
போட்டோ வந்தது 4:40-க்கு. பணம் அனுப்பல. ஆளு பிளாக் பண்ணிட்டான். நன்றி எல்லாருக்கும்.

பெரம்பூர் மாலா:
1930-க்கு அடிச்சீங்களா இல்லையா?

புளியந்தோப்பு வரதன்:
ஆதார், பான் போட்டோ ஏதாவது அவனுக்கு அனுப்பியிருக்கீங்களா? அதைச் சொல்லவே இல்லையே.

எண்ணூர் இஸ்மாயில்:
மச்சான் அங்க என் பேர்ல எடுத்தா பரவாயில்லையா?