டூவீலர் பட்டறைக்குப் பேரு வேணுமுங்க, பெயின்டர் வியாழக்கிழமை வர்றாரு

ஸ்பேனர்14 (செவ்வாய், இரவு 9:40)
வணக்கமுங்க. சொந்தமா டூவீலர் பட்டறை போடுறேன். ஷட்டர், கம்ப்ரசர் எல்லாம் ரெடி. பேரு மட்டும்தான் முடிவாகல. மூணு இருக்கு.
ஸ்ரீ அங்காளபரமேஸ்வரி டூவீலர் ஒர்க்ஸ் (அம்மா சொன்னது)
வழித்துணை பைக் கேர் (எனக்குப் பிடிச்சது)
ஆர்.எஸ்.கே. மோட்டார்ஸ் (மச்சான் சொன்னது)
எது நல்லாருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

நிழல்மரம் (9:52)
எந்த ஊர்? எந்த ரோடு? போர்டு எத்தனை அடி? தகரமா, சுவரா? இதெல்லாம் தெரியாம எப்படித் தம்பி சொல்றது?

முப்பாத்தா மோட்டார்ஸ் (10:05)
பேர் மாத்தணும்னா ஃபார்ம் 29, 30 ரெண்டும் வேணும். விக்கிறவர், வாங்குறவர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். இன்சூரன்ஸையும் மறக்காம மாத்திடுங்க.

நிழல்மரம் (10:07)
அண்ணே, அவர் ஆர்சி பேரைக் கேக்கல. கடைக்குப் பேர் கேக்கறார்.

ராஜபார்வை (10:31)
மூன்றாவதுதான். மூன்று எழுத்து, பெரிய கம்பெனி மாதிரி இருக்கும். நாளை கிளை போட்டாலும் ஒத்து வரும். சாமி பேர், தமிழ்ப் பேர் எல்லாம் ஊர்க் கடைக்குத்தான்.

பழையபக்கம் (10:48)
கடைப்பெயர் பற்றி இங்கே ஏற்கெனவே பலமுறை பேசியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு வந்து கேட்பதுதான் முறை. கடை திறக்கும் அளவுக்கு வந்தவர் இதைக்கூட யோசிக்காமலா பெயின்டரை வரச்சொன்னார்?

ஸ்பேனர்14 (புதன், காலை 6:55)
மன்னிக்கணுமுங்க, அவசரத்துல விட்டுட்டேன். ஒட்டன்சத்திரம், தாராபுரம் ரோடு. காய்கறி மார்க்கெட்டுக்கு வர்ற விவசாயிங்க, மூட்டை தூக்கறவங்கதான் நமக்குக் கஸ்டமர். பாதிக்கு மேல எக்ஸ்.எல். வண்டிதான். தகர போர்டு, 8 அடிக்கு 3 அடி. கடை மேற்குப் பாத்தது. மஞ்சள் போர்டுல செவப்பு எழுத்து எழுதலாம்னு இருக்கேன்.

தூரிகை (7:40)
நான் முப்பது வருஷமா போர்டு எழுதுறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகும் தகரமும் சுவரும் விடலை. அதனால போர்டுல இருந்தே சொல்றேன்.

8 அடின்னா 96 அங்குலம். ஓரத்துக்கு நாலு நாலு விட்டா 88 அங்குலம் கிடைக்கும். உயரம் 36ல மேலயும் கீழயும் அதே மாதிரி விட்டா 28. இதுல பேர், என்ன கடைங்கிற வரி, போன் நம்பர் மூணும் உக்காரணும். பேருக்கு 13, அடுத்த வரிக்கு 6, நம்பருக்கு 5, நடுவுல ரெண்டு ரெண்டு அங்குலம் இடைவெளி. சரியா 28.

பேருக்குக் கொடுத்த 13 முழுசா எழுத்துக்கு வராது. தமிழ்ல மேல புள்ளியும் சுழியும் வரும், கீழ கு, து, ழு வாலு இறங்கும். அதுக்கு ரெண்டு ரெண்டு போனா எழுத்தோட உடம்பு 9 அங்குலம். எங்க கைக்கணக்குல ஒரு அங்குல எழுத்து பத்தடி தூரத்துக்குச் சுகமாப் படிக்கலாம். அப்ப 9 அங்குலம் 90 அடிக்கு வரும்.

அம்மா சொன்ன பேரை நூல் தட்டிப் பாருங்க. ஸ்ரீ, அ, ங், கா, ள, ப, ர, மே, ஸ், வ, ரி. கா துணைக்கால் எடுக்கும், மே முன்னால ஒரு கொம்பு எடுக்கும். 9 அங்குலத்துல எழுதினா 120 அங்குலம் தாண்டிடும், போர்டு 88தான். அமுக்கி எழுதினா உடம்பு 6 அங்குலம் ஆகும், 60 அடியிலதான் தெரியும். 40 கிலோமீட்டர் வேகத்துல வர்றவன் ஒரு செகண்டுக்கு 36 அடி போயிடுவான். ரெண்டு செகண்டுக்குள்ள கடையைத் தாண்டிடுவான்.

ஆர்.எஸ்.கே.ல எழுத்து கம்மி, ஆனா புள்ளி ஜாஸ்தி. தூரத்துல எது எழுத்துப் புள்ளி, எது நிறுத்தற புள்ளின்னு கலங்கிடும்.

செவப்பு வேண்டாம். மேற்கு வெயிலுக்குச் செவப்புதான் முதல்ல வெளுக்கும். நான் எழுதின செவப்பெல்லாம் ரெண்டு மூணு கோடைக்குள்ள ரோஸ் கலருக்கு வந்துருக்கு. மஞ்சள்ல கருப்பு எழுதுங்க, இல்லாட்டி கருநீலம். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடிக்காம மஞ்சள் அடிக்கிறவரா இருந்தா அவரை விட்ருங்க, ஆணி ஓட்டையில இருந்து துரு இறங்கும்.

ஸ்பேனர்14 (8:10)
அண்ணா, அப்ப வழித்துணை உக்காருமுங்களா?

தூரிகை (8:25)
உக்காரும். அஞ்சு எழுத்துதான். ணை மட்டும் ரெண்டு எழுத்து இடம் கேக்கும். தடிச்ச பிரஷ் போடச் சொல்லாதீங்க, ண-வோட மூணு சுழியும் அடைஞ்சு தூரத்துல கறுப்புக் கட்டியாத் தெரியும். பெயின்டர் வயசானவரா இருந்தா இன்னொண்ணும் சொல்லிடுங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி ணை-யை யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு போட்டு எழுதுவோம். எங்க குரு கடைசிவரைக்கும் அப்படித்தான் எழுதினார். சின்னப் பசங்க அதைப் படிக்கத் திணறுவாங்க.

வேம்பு (8:50)
பேர் அழகா இருக்கு. ஆனா ழ இருக்கே! போன்ல கடையைத் தேடறவங்க vazhi-னும் அடிப்பாங்க, vali-னும் அடிப்பாங்க. நம்ம பக்கம் பேச்சுலயே பாதிப் பேர் "வலித்துணை"ன்னுதான் சொல்வாங்க. வலின்னு காதுல விழுந்தா எண்ணெய், தைலம் விக்கிற கடைன்னு நினைக்கப் போறாங்க. எங்கப்பா டெய்லர் கடைக்கு "எழிலகம்"னு வெச்சார். கடைசிவரைக்கும் எல்லாரும் அதை "பஸ் ஸ்டாண்டு டெய்லர்"னுதான் சொன்னாங்க. போர்டு ஒரு பக்கம், ஊர் வாய் ஒரு பக்கம்.

சக்கரவாகம் (9:15)
ஒண்ணு சொல்லிடறேன், போர்டுல ஹீரோ, ஹோண்டா, டி.வி.எஸ்.னு எந்தக் கம்பெனி பேரும் எழுதவே கூடாது. டிரேட்மார்க் சட்டம் 1999. நேரா கேஸ்தான்.

கணக்குப்பிள்ளை (9:40)
பாதிதான் சரி. கடைக்குப் பேராகவே அவர்கள் பெயரை வைப்பதும், அவர்கள் சின்னத்தை வரைவதும், கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று நம்பும்படி எழுதுவதும்தான் வம்பு. எந்த வண்டியைப் பார்ப்பேன் என்று உண்மையாகச் சொல்வதற்கு அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தருகிறது. கீழே சாதாரண எழுத்தில் "எல்லா கம்பெனி வண்டிகளும் பார்க்கப்படும்" என்று எழுதுங்கள், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. என் தம்பி கடையில் பெயரோடு சேர்த்துச் சின்னத்தையும் வரைந்திருந்தான், கடிதம் வந்தது. சின்னத்தை மட்டும் அழித்தான், அதோடு முடிந்தது.

போர்டில் ஆங்கிலமும் போடுவதானால் தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் விதிகள் 1948ல் உள்ளது. தமிழ், ஆங்கிலம், மற்ற மொழிக்கு 5:3:2 என்று அளவு சொல்கிறார்கள்.

தென்னங்கீற்று (10:20)
அப்படியிருக்க ஏன் ஒர்க்ஸ், கேர்? "இருசக்கர வாகனப் பணிமனை" என்று எழுதுங்கள்.

தூரிகை (10:34)
ஐயா, அந்த மூணு வார்த்தையை 6 அங்குலப் பட்டையில எழுதினா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பணிமனைன்னா நம்ம ஜனத்துக்கு கவர்மெண்ட் பஸ் டெப்போதான் ஞாபகத்துக்கு வரும்.

தென்னங்கீற்று (10:50)
எழுதி எழுதித்தானே பழகும்? பேருந்து என்ற சொல் அப்படித்தானே பழகியது?

சக்கரவாகம் (10:58)
பட்டறைன்னு எழுதலாமே? இவரே தலைப்புல பட்டறைன்னுதான எழுதியிருக்கார்?

வேம்பு (11:04)
பேச்சுல சரி. போர்டுல பட்டறைன்னு மட்டும் இருந்தா லேத் பட்டறை, இரும்புப் பட்டறைன்னு வெல்டிங் வேலைக்கு ஆள் வருவாங்க. முன்னால டூவீலர்னு இருந்தாப் போதும்.

பனங்காய் (11:30)
எங்கட பக்கம், யாழ்ப்பாணத்தில, "மோட்டார் சைக்கிள் திருத்துமிடம்" எண்டுதான் போர்டில எழுதுவினம். ஆனால் வாயால எல்லாரும் கராஜ் எண்டுதான் சொல்லுவினம். எழுதிறது ஒண்டு, சொல்லுறது ஒண்டு. ரெண்டும் ஒரே ஊரில சண்டையில்லாமல் இருக்குது.

பழையபக்கம் (11:45)
இழை எங்கேயோ போகிறது. பேரைக் கேட்டவருக்கு மொழிப்பாடம் நடத்துகிறீர்கள்.

நிழல்மரம் (12:10)
தம்பி ஸ்பேனர், ஒரு கேள்வி. இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க? அங்க வர்றவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?

ஸ்பேனர்14 (பகல் 1:25)
இதே ரோட்டுல முருகன் ஒர்க்ஸுங்க. 9 வருஷம். அண்ணன் சம்மதத்தோடதான் வெளிய வந்தேன். பதினாறு வயசுல சேந்ததால எல்லாரும் குட்டின்னுதான் கூப்பிடுவாங்க. கார்புரேட்டர் டியூனிங்னா "குட்டிகிட்ட விடு"ம்பாங்க. இப்பவும் போன்ல "குட்டி மெக்கானிக்"னுதான் நம்பர் பதிஞ்சு வெச்சிருக்காங்க.

நிழல்மரம் (1:32)
அதான் உங்க கடைப் பேர். ஊரே ஒன்பது வருஷமாச் சொல்லிப் பழகின பேரை விட்டுட்டு, புதுசா ஒண்ணை மனப்பாடம் பண்ணச் சொல்லப் போறீங்களா? "குட்டி டூவீலர்". பழைய முதலாளி கடை முருகன்ங்கறதால, நீங்க வேல், கந்தன், வேலன்னு எதையும் தொடாம இருக்கறதும் நல்லது. ஒரே ரோட்டுல ரெண்டும் குழம்பி, அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம் வரும்.

தூரிகை (1:50)
கு, ட், டி. மூணு எழுத்து, ஒண்ணுலயும் சிக்கலான சுழி கிடையாது. 88 அங்குலத்துல பாதிகூட ஆகாது. அகலம் கட்டுப்படுத்தாததால உயரத்தை ஏத்தலாம். கு வாலுக்கு மட்டும் கீழ இடம் விடச் சொல்லுங்க. பேருக்கு 15, "டூவீலர் ஒர்க்ஸ்" 5, நம்பர் 4, இடைவெளி ரெண்டு ரெண்டு. 28 ஆச்சு. வாலும் டி-யோட சுழியும் போக உடம்பு 11 அங்குலம் வரும், 110 அடி.

ராஜபார்வை (2:15)
ஐம்பது வயதில் "குட்டி" என்று போர்டில் இருந்தால் எப்படி இருக்கும்? லோன் வாங்கப் போகும்போது மேனேஜர் என்ன நினைப்பார்? யோசியுங்கள்.

கணக்குப்பிள்ளை (2:40)
பேங்கில் உத்யம் பதிவையும் வரவு செலவையும்தான் பார்ப்பார்கள். உத்யம் பதிவு இலவசம், நிறுவனப் பெயரைப் பின்னால் மாற்றவும் முடியும். ஆனால் வேறு ஊரில் கிளை போட்டால் குட்டி யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான்.

ஸ்பேனர்14 (3:05)
எனக்கு மனசுக்குப் பட்டுருச்சுங்க. ஆனா அம்மா ஒத்துக்க மாட்டாங்க. அங்காளம்மா பேரு இல்லாம போர்டு மாட்டக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம்.

வேம்பு (3:20)
மேல ஓரத்துல சின்னதா "ஸ்ரீ அங்காளபரமேஸ்வரி துணை"ன்னு எழுதுங்க. பாதிக் கடையில அப்படித்தான இருக்கு. அது ரோட்டுல போறவன் படிக்க இல்ல. கடைக்குள்ள நுழையறப்ப அம்மா தலை நிமிந்து பாக்கறதுக்கு.

தூரிகை (3:28)
2 அங்குல எழுத்து போதும். மேல விட்ட நாலு அங்குல ஓரத்துலயே நடுவுல உக்காந்துரும், பேரோட இடத்தைத் தொடாது. அது மட்டும் செவப்புல எழுதலாம், வெளுத்தா ஆயுத பூஜைக்கு ஒரு கோட் ஏத்திக்கலாம்.

தென்னங்கீற்று (4:00)
ஒர்க்ஸ் இன்னும் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

ஸ்பேனர்14 (வெள்ளி, இரவு 8:15)
போர்டு மாட்டியாச்சுங்க. மேல அம்மன் துணை, நடுவுல குட்டி, கருப்புல. பழனி ரோட்டு முக்குல நின்னு பாத்தேன், அங்க இருந்தே தெரியுது. அம்மா பத்தி காட்டிட்டுப் போயிட்டாங்க. ஒர்க்ஸை எடுத்துட்டு வெறும் டூவீலர்னு மட்டும் எழுதிட்டோம். போன் நம்பர்ல 6ஐ 8ஆக எழுதிட்டாரு, நாளைக்கு வந்து திருத்துறேன்னாரு. எல்லாருக்கும் நன்றிங்க.

தூரிகை (8:40)
மஞ்சளை மேல அடிச்சு மறைக்க விடாதீங்க தம்பி, காஞ்சதும் உள்ள இருக்கற கருப்பு திட்டாத் தெரியும். அந்த 8ஐ டர்பன்டைன் துணியால துடைச்சு எடுக்கணும், எனாமல் முழுசா இறுகறதுக்கு முன்னாடி. இன்னிக்கு ராத்திரியே அவரைக் கூப்பிடுங்க.

நிழல்மரம் (ஞாயிறு, காலை 10:00)
தம்பி, நம்பரைத் திருத்தியாச்சா?